மூன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்: பிளானிங் போக்கர் எதை அளக்கிறது?

பிளானிங் போக்கரின் விதிகளை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மென்பொருள் குழுவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு அட்டை இருக்கும். அவற்றில் 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100 என்று எண்கள். கூடவே ஒரு கேள்விக்குறி அட்டை, பெரும்பாலும் ஒரு காபிக் கோப்பை அட்டை. செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் புராடக்ட் ஓனர் படிக்கிறார். அந்த வேலைக்கு ஸ்டோரி என்று பெயர். குழுவினர் சந்தேகம் கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார். அதன் பிறகு, அந்த வேலை எவ்வளவு பெரியது என்று நினைக்கிறார்களோ அந்த எண்ணுள்ள அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார்கள். எல்லோரும் வைத்து முடித்ததும் ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். எண்கள் ஒத்துப்போனால் அதையே எழுதிக்கொண்டு அடுத்த ஸ்டோரிக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் மிகச் சிறிய எண் வைத்தவரும் மிகப் பெரிய எண் வைத்தவரும் தங்கள் காரணத்தைச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவது சுற்று.

இவ்வளவு எளிய ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுக்க மென்பொருள் அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் ஸ்பிரின்ட் பிளானிங்கில் உட்கார்ந்த யாருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறுகின்றன. கடைசியில் எழுதப்படும் எண்ணை விளைபொருளாக நினைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். முதல் சுற்றில் அட்டைகள் திரும்பிய கணத்தில் தெரிந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். அந்த இடைவெளிதான் இந்த ஆட்டத்தின் உண்மையான அளவீடு என்பது என் கருத்து. இதன் வரலாறும், இதைப் பற்றி நடந்த ஆய்வுகளும் என்னை அந்த முடிவுக்குத்தான் கொண்டுவருகின்றன.

இந்த முறையை எழுதி வைத்தவர் ஜேம்ஸ் கிரெனிங். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி அஜைல் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். 2002இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில் பிளானிங் போக்கர் வருகிறது. அவர் பார்த்த பிரச்சினை நமக்கும் பழக்கமானதுதான். மதிப்பீட்டுக் கூட்டத்தில் அனுபவசாலிகள் இரண்டு பேர் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று விவாதித்துக்கொண்டே போவார்கள், மற்றவர்கள் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நேரம் ஓடும், எண் மட்டும் வராது. அட்டையைக் கவிழ்த்து வைத்துத் திருப்பச் சொன்னதன் முதல் நோக்கம் நேரத்தை மிச்சப்படுத்துவது. எல்லோரும் ஒரே எண்ணை வைத்திருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. பேச்சு தேவைப்படும் இடம் எது என்று அட்டைகளே காட்டிவிடும். அவருடைய முதல் கட்டில் 1, 2, 3, 5, 7, 10 என்ற எண்களும் முடிவிலிக்கு ஓர் அட்டையும் இருந்தன.

இன்று நாம் பார்க்கும் கட்டைப் பரப்பியவர் மைக் கோன். 2005இல் அஜைல் மதிப்பீடு பற்றி அவர் எழுதிய நூல் வழியாக இது உலகம் முழுக்கப் போனது. எண்கள் மேலே போகப் போக அவற்றுக்கு இடையிலான தூரமும் கூடுவதைக் கவனிக்கலாம். 5க்கு அடுத்து 8, 8க்கு அடுத்து 13. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். வேலை பெரிதாக ஆக, அதைப் பற்றிய நம் நிச்சயம் குறைகிறது. இரண்டு நாள் வேலைக்கும் மூன்று நாள் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை உணர முடிகிற ஒருவரால், 21 நாள் வேலையையும் 22 நாள் வேலையையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முந்திய இரண்டு எண்களின் கூட்டாக 13க்குப் பிறகு வர வேண்டிய 21ஐக்கூட எடுத்துவிட்டு 20 என்று வைத்தார்கள். 21 என்று எழுதினால் யாரோ கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது போலத் தோன்றும். 20 என்றால் குத்துமதிப்பு என்று பார்த்தவுடனே புரியும். 40, 100 இரண்டும் “இது இன்னும் உடைக்கப்படாத பெரிய வேலை” என்பதற்கான அடையாளங்கள் மட்டுமே.

கிரெனிங்குக்கு முன்பே இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1950களில் அமெரிக்க விமானப்படைக்காக ராண்ட் நிறுவனத்தில் டெல்ஃபி என்ற முறை உருவானது. நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் 1963இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு நிபுணர்களிடம் ஒரு பயங்கரமான கேள்வி கேட்கப்பட்டது. அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்கு முடக்க எத்தனை அணுகுண்டு வேண்டியிருக்கும் என்பதைச் சோவியத் தரப்பில் நின்று மதிப்பிட வேண்டும். நிபுணர்கள் ஒருவரோடு ஒருவர் நேரில் பேசவில்லை. கேள்வித்தாள் வழியாகவே பதில் சொன்னார்கள். முதல் சுற்றில் மிகக் குறைந்த விடை 50, மிக அதிகம் 5000. ஒருவருக்கு என்ன தகவல் தெரியும் என்பது மற்றவர்களுக்குச் சுற்றுச் சுற்றாகப் போய்ச் சேர்ந்ததும், கடைசியில் 167க்கும் 360க்கும் நடுவில் வந்து நின்றார்கள். நூறு மடங்கு இடைவெளி இரண்டு மடங்காகச் சுருங்கியது. அந்த விடை சரியா என்று சோதிக்க வழியே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கருத்து ஒன்றுபடுவது வேறு, சரியாக இருப்பது வேறு. பிளானிங் போக்கருக்கும் இது அப்படியே பொருந்தும்.

1970களில் பேரி போம், ஜான் ஃபார்குவார் இருவரும் டெல்ஃபியை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றினார்கள். நிபுணர்கள் பேசிக்கொள்ளவே கூடாது என்ற கட்டுப்பாடு மிக இறுக்கமானது என்று அவர்களுக்குப் பட்டது. எண்ணை மட்டும் தனித்தனியாக எழுதித் தரட்டும், காரணங்களைக் கூட்டத்தில் பேசட்டும் என்று வைத்தார்கள். இதுதான் வைட்பேண்ட் டெல்ஃபி. போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொருளாதார நூல் வழியாக அது பரவலாகத் தெரிய வந்தது. பிளானிங் போக்கர் அதன் சுருக்க வடிவம். படிவங்கள் போய் அட்டைகள் வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கூட்டம் தேவைப்பட்ட இடத்தில் சில நிமிடங்கள் போதும் என்றானது. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். யார் எந்த எண்ணைச் சொன்னார் என்பது இங்கே மறைவதில்லை. அட்டை கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும்தான் மறைவு.

அந்தச் சில நொடிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1974இல் ஆமோஸ் ட்வர்ஸ்கி, டேனியல் கானமன் இருவரும் எழுதிய கட்டுரையில் விடை இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன், எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டினார்கள். 10 வந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன விடையின் நடு மதிப்பு 25. 65 வந்ததைப் பார்த்தவர்கள் சொன்னது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது கண்ணெதிரே தெரிந்தும், முதலில் கண்ணில் பட்ட எண் அவர்கள் மனதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணுக்கே இவ்வளவு இழுப்பு என்றால், பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள டீம் லீட் “இது அஞ்சு பாயிண்ட்தானே?” என்று சொன்ன பிறகு, போன மாதம் சேர்ந்தவர் எந்த அட்டையை எடுப்பார்? இதில் பயமோ பணிவோ மட்டும் வேலை செய்வதில்லை. அந்த ஐந்து உண்மையாகவே அவருடைய எண்ணமாக மாறிவிடுகிறது. தான் வேறு எதையாவது நினைத்திருப்போமா என்பது அவருக்கே தெரியாமல் போகும்.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்க்கலாம்.

பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பதிவில் உள்ள எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்யும் வசதி ஏற்கெனவே உண்டு. இப்போது வந்திருக்கும் ஸ்டோரி இது: “நான்கு பேருக்குப் பதிவு செய்த பயணி, அதில் ஒருவரின் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.” குழுவில் ஆறு பேர். திரைப் பக்கம் எழுதுபவர் 3 வைத்தார். மொபைல் செயலி எழுதுபவரும் 3. சர்வர் பக்கம் எழுதும் இருவரும் 5, டீம் லீடும் 5. டெஸ்டர் 13.

சில குழுக்களில் இந்த இடத்தில் நடப்பது என்ன? ஆறு எண்களையும் கூட்டினால் 34, சராசரி 5.7. “ஐந்து பேர் மூணு, அஞ்சு என்று சொல்லியிருக்கிறார்கள், ஐந்தே இருக்கட்டும்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கையில் கிடைத்த ஒரே புதிய தகவலைச் சராசரி துடைத்துப் போட்டுவிடும்.

விதிப்படி ஆடினால் 3 வைத்தவர் முதலில் பேச வேண்டும். “ரத்து பண்ற ஸ்கிரீன் ஏற்கெனவே இருக்கு. பயணி பேருக்குப் பக்கத்துல ஒரு டிக் பாக்ஸ் வைக்கணும், அவ்வளவுதான்.” அவர் பார்க்கும் பகுதிக்கு அது சரியான மதிப்பீடு. அடுத்து டெஸ்டர் பேசுகிறார். “ஆளுக்கு 600 ரூபாய், நாலு டிக்கெட் 2400. இருநூறு ரூபாய் கூப்பன் போட்டு 2200 கட்டியிருக்காங்க. ஒருத்தர் கேன்சல் பண்ணா எவ்வளவு திருப்பித் தரணும்?”

அறையில் மூன்று விடைகள் வருகின்றன. டிக்கெட் விலை 600 என்பதால் 600 என்கிறார் ஒருவர். கூப்பன் தள்ளுபடி நான்கு பேருக்கும் சமமாகப் பிரிந்திருப்பதால் ஆளுக்கு 550தான் கட்டியிருக்கிறார்கள், அதனால் 550 என்கிறார் இன்னொருவர். டெஸ்டர் மூன்றாவதைச் சொல்கிறார்: அந்தக் கூப்பன் 2000 ரூபாய்க்குக் குறையாத பதிவுக்கு மட்டும்தான் செல்லும். ஒரு டிக்கெட் போனால் மீதி மூன்றின் விலை 1800. கூப்பனே செல்லாது என்று எடுத்துக்கொண்டால் பயணி 1800 முழுதாகக் கட்ட வேண்டியவர் ஆகிறார். அப்படியானால் திரும்பப் போக வேண்டியது 400 மட்டும். ரத்துக் கட்டணம் இன்னும் கழிக்கப்படவில்லை. மூன்றில் எது நிறுவனத்தின் கொள்கை என்று புராடக்ட் ஓனருக்கே தெரியவில்லை. கணக்குப் பிரிவைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

பேச்சு அங்கே நிற்காமல் சர்வர் பக்கம் எழுதுபவருக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறது. ஒரு கட்டணத்துக்கு ஒரே ஒரு முறைதான் பணம் திரும்பப் போகும் என்று நம்பித்தான் பழைய தரவுத்தள அட்டவணை கட்டப்பட்டிருக்கிறது. இன்று ஒருவர் ரத்து செய்து, நாளை இன்னொருவரும் ரத்து செய்தால் இரண்டாவது பதிவை அட்டவணை ஏற்காது. 5 வைத்தபோது இது அவருக்குத் தோன்றவில்லை. டெஸ்டர் கேள்வி கேட்ட பிறகுதான் தோன்றியது.

இரண்டாவது சுற்று ஆட வேண்டிய அவசியமே இப்போது குறைந்துவிட்டது. ஸ்டோரியை இரண்டாக உடைக்கிறார்கள். கூப்பன் இல்லாத பதிவில் ஒரு டிக்கெட்டை ரத்து செய்வது முதல் பகுதி. அட்டவணை மாற்றமும் அதில் அடங்கும். அதற்கு எல்லோரும் 8 வைக்கிறார்கள், திரைப் பக்கம் எழுதுபவர் உட்பட. கூப்பன் உள்ள பதிவுகள் இரண்டாவது பகுதி. அதற்கு யாரும் எண் வைக்கவில்லை, கேள்விக்குறி அட்டைதான். கணக்குப் பிரிவின் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். இதெல்லாம் சில நிமிடப் பேச்சு. பேசாமல் 5 என்று எழுதியிருந்தால், இதே கேள்வி ஸ்பிரின்டின் கடைசி நாட்களில், டெஸ்டர் சோதிக்க உட்காரும்போது எழுந்திருக்கும். அந்த நேரத்தில் கணக்குப் பிரிவின் பதிலுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

இந்த உதாரணத்தில் 13 என்ற எண்ணும் கடைசியில் எழுதப்படவில்லை, 3 என்ற எண்ணும் எழுதப்படவில்லை. அவற்றுக்கு நடுவில் இருந்த தூரம்தான் உண்மையைச் சொன்னது: ஆறு பேரும் ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வெவ்வேறு வேலையை மனதில் கட்டியிருக்கிறார்கள்.

இனி ஆய்வுகளுக்கு வரலாம். இந்த முறை மதிப்பீட்டைத் துல்லியமாக்குகிறதா என்ற கேள்விக்கு ஆர்வலர்கள் சொல்வது போல நேரான “ஆம்” கிடையாது. அந்தச் சிக்கலான பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நார்வேயில் ஷெட்டில் மோலொக்கன்-ஓஸ்ட்வோல்டும் உடன் ஆய்வாளர்களும் உண்மையான ஒரு மென்பொருள் திட்டத்தில் பாதி வேலைகளுக்குப் பிளானிங் போக்கரையும், மீதிக்குத் தனிநபர் மதிப்பீட்டையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. போக்கர் ஆடி ஒப்புக்கொண்ட எண், அதே வேலைகளுக்கு ஆட்கள் தனித்தனியாகச் சொன்ன எண்களின் சராசரியைவிட அசலுக்கு நெருக்கமாக இருந்தது. சராசரியில் தெரிந்த அளவு நம்பிக்கை மிகுதியும் அதில் இல்லை. ஆனால் மறு பாதி வேலைகளைத் தனியாக மதிப்பிட்டவர்களின் துல்லியமும் ஏறத்தாழ அதே அளவுக்கு இருந்தது. எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் போக்கர் பெரிதாக எதையும் வென்றுவிடவில்லை.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. எழுதி முடித்த நிரலை ஆராய்ந்தபோது, போக்கர் ஆடிய வேலைகளில் செய்யப்பட்ட மாற்றங்கள் கூடுதல் சிக்கலானவையாக இருந்தன, அதனால் அவற்றுக்கு அதிக உழைப்பும் செலவாகியிருந்தது. கூட்டத்தில் பேசிய விஷயங்கள் செய்பவர் மனதில் தங்கி, அவர் செய்த வேலையையே மாற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பேருந்து டிக்கெட் உதாரணத்தில் நடந்ததும் இதுவே. மதிப்பிடும்போதே வேலை என்னவென்று கண்டுபிடிக்கப்படுகிறது. அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றுகிறது என்றால், முன்னும் பின்னும் ஒப்பிட்டு “துல்லியம் கூடியதா” என்று கேட்பதே முழுமையான கேள்வியாகாது.

ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் வில்யான் மாக்னிச், தோமாஷ் ஹோவெல்யா இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மாணவர் பதிவேட்டுக்கான இணையச் செயலி ஒன்றை 13 மாணவர் குழுக்கள் மூன்று ஸ்பிரின்ட்களில் உருவாக்கின. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே ஸ்டோரிகள். அதே ஸ்டோரிகளை அனுபவமுள்ள நிபுணர் குழுவும் மதிப்பிட்டது. மாணவர்களின் எண்கள் தொடக்கத்திலேயே மிகக் குறைவு. போக்கர் ஆடிப் பேசிய பிறகு அவை இன்னும் குறைந்தன. “இதை முடிச்சுடலாம்” என்ற உற்சாகத்தைப் பேச்சு கூட்டிவிட்டது. நிபுணர்களிடம் நிலைமை வேறு. பேச்சுக்குப் பின் வந்த அவர்களுடைய எண் அசல் உழைப்புக்கு மிக நெருக்கமாகவும், அவர்களுடைய சொந்தச் சராசரியைவிடத் துல்லியமாக இருக்கும் போக்கிலும் இருந்தது. நார்வேயில் நில்ஸ் கிறிஸ்டியன் ஹாகன் 2006இல் செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது: முன்பு செய்து பழகிய வகை வேலைகளில் போக்கர் உதவியது, பழக்கமில்லாத வேலைகளில் பெரும் பிழைகளை அதிகப்படுத்தியது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரம்பு தெளிவாகிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் சிதறிக் கிடக்கும் அறிவை அட்டைகள் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும். யாரிடமும் இல்லாத அறிவை அவற்றால் உருவாக்க முடியாது. டெஸ்டருக்குக் கூப்பன் விதி தெரிந்திருந்தது, அதனால் அது வெளியே வந்தது. ஒருவருக்கும் தெரியாத புதிய தொழில்நுட்பத்தை வைத்து ஆறு பேரும் 8 வைத்தால், அந்த ஒற்றுமைக்கு மதிப்பு கிடையாது. அங்கே செய்ய வேண்டியது இரண்டு நாள் ஒதுக்கிச் சிறு சோதனை செய்து பார்ப்பது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் உள்ள குழுவில் எண்கள் சட்டென்று ஒன்றுசேர்ந்தால் மகிழ்ச்சி அடைவதற்குப் பதில் அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிவந்து காட்டுவது நல்லது.

ஆட்டம் கெட்டுப்போகும் வழிகள் பல. எல்லாவற்றையும் அடுக்கப் போவதில்லை. இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாதவை.

முதலாவது, மறைவு போய்விடுவது. வீட்டிலிருந்தும் வேறு ஊரிலிருந்தும் அழைப்பில் சேரும் குழுக்களில் அட்டைக்குப் பதில் சாட் பெட்டியில் எண்ணைத் தட்டச் சொல்வார்கள். முதலில் ஒருவர் 5 என்று தட்டுவார். அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் 5, 5, 3, 5 என்று தட்டுவார்கள். ட்வர்ஸ்கியின் சக்கரம் திரையில் சுழல்கிறது, ஆனால் எல்லோரும் போக்கர் ஆடியதாகவே நினைக்கிறார்கள். எண்ணைத் தட்டி வைத்துக்கொண்டு, “அனுப்புங்க” என்றதும் சேர்ந்து அனுப்புவது, அல்லது மறைத்து வைத்துத் திறக்கும் இணையக் கருவி ஒன்றைப் பயன்படுத்துவது போதும். புராடக்ட் ஓனர் ஸ்டோரியைப் படிக்கும்போதே “சின்ன வேலைதான், நாளைக்குக் கிளையண்ட் கேட்பாங்க” என்று சேர்த்துவிட்டால் அட்டையைக் கவிழ்த்தும் பயனில்லை. சக்கரத்தை அவர் ஏற்கெனவே சுழற்றிவிட்டார்.

இதைக் கண்டுபிடிக்க முதல் சுற்று எண்களை எழுதி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டோரிக்கும் முதல் சுற்றில் யார் எதை வைத்தார், கடைசியில் எது எழுதப்பட்டது என்ற இரண்டை மட்டும் சில ஸ்பிரின்ட்களுக்குக் குறித்து வையுங்கள். இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் எண்கள் எப்போதும் ஒரே அட்டைக்குள் அடங்குகின்றனவா? அப்படியென்றால் ஸ்டோரிகள் அத்தனையும் உண்மையிலேயே தெளிவானவை, அல்லது ஒருவரையொருவர் பார்த்து வைக்கிறார்கள். அடுத்தது, கடைசி எண் அநேகமாக எப்போதும் ஒரே நபர் முதலில் வைத்த எண்ணாகவே இருக்கிறதா? ஓரத்தில் நின்றவர் ஒரு முறைகூடக் குழுவைத் தன் பக்கம் இழுத்ததில்லை என்றால், அங்கே நடப்பது பதவிக்கு விழும் வாக்கெடுப்பு. இந்தக் கணக்குக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும்.

இரண்டாவது கேடு எண் வெளியே போகும்போது வருகிறது. அட்டையில் உள்ள எண் நாளையோ மணியையோ குறிப்பதில்லை, ஒப்பீட்டு அளவைத்தான் குறிக்கிறது. முழு டிக்கெட் ரத்து 5 என்றால் இது அதைவிட எவ்வளவு பெரிது என்பது மட்டும்தான் அதன் பொருள். ஸ்டோரி பாயிண்ட் என்ற அலகு ஏன் வந்தது என்பதை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் “இடையூறே இல்லாத ஒரு நாள்” என்ற அலகில் மதிப்பிட்டார்கள். அத்தகைய ஒரு நாள் வேலைக்கு நிஜத்தில் ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும். “ஒரு நாள் வேலைக்கு ஏன் மூணு நாள்?” என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்ததால், நாள் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாயிண்ட் என்றார்கள். அதே ஜெஃப்ரீஸ், பாயிண்டை ஒருவேளை தானே கண்டுபிடித்திருந்தால் அதற்காக இப்போது வருந்துவதாக 2019இல் எழுதினார். காரணம், அந்த எண்ணை வைத்துக் குழுக்களை ஒப்பிடுவதும் நெருக்குவதும் வழக்கமாகிவிட்டது.

“ஒரு பாயிண்ட் எட்டு மணி நேரம்” என்ற சூத்திரம் எந்த அலுவலகத்தில் நுழைகிறதோ அங்கே போக்கர் பேரம் பேசும் இடமாகிவிடும். ஒரு ஸ்பிரின்டில் குழு முடித்த பாயிண்ட்களின் கூட்டுத்தொகைக்கு வெலாசிட்டி என்று பெயர். அது போன ஸ்பிரின்டில் 30, அடுத்ததில் 40 வேண்டும் என்று மேலாளர் கேட்டால் குழுவால் எளிதாகக் கொடுக்க முடியும். நேற்று 3 என்று சொன்னதை இன்று 5 என்று சொன்னால் போதும். யாரும் பொய் சொல்வதாக உணர மாட்டார்கள், எண் தானாகவே வீங்கும். அதைச் சோதிக்க வழி உண்டு. ஓராண்டுக்கு முன் 3 என்று எழுதி முடித்த ஸ்டோரி ஒன்றை, பழைய எண்ணைச் சொல்லாமல், புதியவற்றோடு கலந்து மதிப்பிடச் சொல்லுங்கள். அதற்கு இப்போது 5, 8 என்று அட்டைகள் விழுந்தால் வெலாசிட்டி வரைபடம் ஏறியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம்.

எல்லா நேரமும் இதை ஆட வேண்டும் என்பதும் இல்லை. ஒரு திட்டத்தின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான ஸ்டோரிகள் குவிந்திருக்கும்போது ஒவ்வொன்றாக அட்டை வைத்து ஆடினால் நாள் கணக்கில் போகும். அப்போது ஸ்டோரிகளைத் தாளில் எழுதி மேசையில் பரப்பி, சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்று எல்லோரும் சேர்ந்து நகர்த்தி வரிசைப்படுத்துவது விரைவானது. கிரெனிங்கே பின்னாளில் இத்தகைய வழியைப் பரிந்துரைத்தார். நகர்த்தும்போது எதன் இடம் பற்றி இழுபறி வருகிறதோ அதை மட்டும் எடுத்துப் போக்கர் ஆடினால் போதும். மதிப்பீடே வேண்டாம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஸ்க்ரம் முறையின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் பிளானிங் போக்கர் என்ற சொல்லே கிடையாது, ஸ்டோரி பாயிண்ட்டும் கிடையாது. இதைக் கட்டாயச் சடங்காக நினைத்துக்கொண்டிருக்கும் குழுக்கள் அதை ஒரு முறை திறந்து பார்க்கலாம். ஸ்டோரிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சிறிதாக உடைக்கப்படும் குழுவில், எத்தனை முடிந்தன என்று எண்ணினாலே திட்டமிடப் போதும்.

ஆனால் அத்தகைய குழுவிலும் ஒரு ஸ்டோரியை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்களா என்ற கேள்வி மிஞ்சும். அதற்குப் பிளானிங் போக்கரைவிட மலிவான, அதைவிட வேகமான சோதனையை நான் பார்த்ததில்லை. எண்கள் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த ஸ்பிரின்ட் பிளானிங்கில் ஜிராவில் கடைசி எண்ணைப் பதியும்போது, பக்கத்திலேயே முதல் சுற்றின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எழுதி வையுங்கள். பெரிய எண்ணை வைத்தவர் சொன்ன காரணத்தை ஒரு வரியில் அதன் கீழே சேருங்கள். மூன்று மாதம் கழித்து, தாமதமான ஸ்டோரிகளை மட்டும் எடுத்து அந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.